மேஜர் ரிவிஷனுக்கு 60 நாள்: தேர்வுப் பணிக்கு நடுவே வந்த கடிதத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஐயா, வாணியம்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றியுள்ள 48 கிணறுகளின் நீரை மே மாதம் எடுத்து ஆய்ந்த கட்டுரைக்கு, நவம்பர் 3-ஆம் தேதி மேஜர் ரிவிஷன் கடிதம் வந்திருக்கிறது. ஜனவரி 2-க்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு மதிப்பாய்வாளர்கள், மொத்தம் 23 குறிப்புகள். நவம்பர் 17 முதல் டிசம்பர் 6 வரை எனக்குத் தேர்வுப் பணி. டிசம்பர் 8 முதல் 18 வரை விடைத்தாள் திருத்தும் முகாம். இரண்டாம் மதிப்பாய்வாளர் குரோமியம்-6-ஐத் தனியாக அளக்கச் சொல்கிறார். நான் மொத்தக் குரோமியம் மட்டுமே அளந்தேன். ஏப்ரல் இறுதியில் பதவி உயர்வு விண்ணப்பத்துக்குள் ஏற்புக் கடிதம் கிடைத்தால் நல்லது. எதை எப்போது செய்வது? கூடுதல் அவகாசம் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

பதில்:

அவகாசம் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது எளிய வேலையாகவும் இருக்கும், வீண் வேலையாகவும் போகும். அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் 60 நாளும் அந்தக் குரோமியக் குறிப்பைச் சுற்றித்தான் சுழல்கிறது. அதற்கு இந்த வாரமே ஒரு முடிவு எடுத்துவிட்டால் மற்ற 22 குறிப்புகளும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். தள்ளிப்போட்டால், டிசம்பர் கடைசியில் மற்ற எல்லாம் முடிந்து அது ஒன்று மட்டும் நிற்கும்.

முதலில் உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மணிக்கணக்கில் பாருங்கள். நாள்கணக்கு ஏமாற்றும். நவம்பர் 16 வரை வார நாள் மாலைகளில் ஒன்றரை மணி நேரமும், இரண்டு ஞாயிறுகளில் ஐந்தைந்து மணி நேரமும் என்றால் சுமார் 25 மணி. தேர்வு நடக்கும் மூன்று வாரங்களில், காலையும் மாலையும் தேர்வறைக் கண்காணிப்பு இருக்கும்போது, வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிது; அது 15. முகாம் நாட்களைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க விடைத்தாளைப் பார்த்த கண்ணோடு இரவில் ஆங்கில வாக்கியங்களைச் செதுக்க முடியாது. அதன்பின் டிசம்பர் 28 வரை 15 மணி. ஆக மொத்தம் 55 மணி நேரம். 60 நாள் என்று கடிதம் சொல்வது உங்கள் விஷயத்தில் 55 மணி நேரம்தான்.

அடுத்தது, அந்த 55 மணி எதற்குப் போகும் என்பது. 23 குறிப்புகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி எண் போடுங்கள்: முதலாமவருடையவை 1.1 முதல் 1.9 வரை, இரண்டாமவருடையவை 2.1 முதல் 2.14 வரை. பல மதிப்பாய்வாளர்கள் ஒரே பத்தியில் மூன்று கேள்விகளைப் பொதிந்து வைப்பார்கள்; அவற்றைப் பிரித்துத் தனி வரிகளாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது புதிய அளவீடு கேட்கிறதா, கையில் இருக்கும் தரவில் புதிய கணக்குக் கேட்கிறதா, எழுத்தைத் திருத்தினால் போதுமா என்று குறியுங்கள். உங்கள் துறைக் கட்டுரை என்பதால் ஊகிக்கிறேன்: புதிய அளவீடு ஒன்று, கணக்கு நான்கு, எழுத்துத் திருத்தம் 18 என்ற விகிதத்தில்தான் இருக்கும். எழுத்துத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் என்றால் 12 மணி. கணக்குகளுக்கு 10. படங்களை மீண்டும் வரைய 5. மறுமொழிக் கடிதத்தைத் தொகுக்க 8. கடைசிச் சரிபார்ப்புக்கும் பதிவேற்றத்துக்கும் 5. இது 40 மணி. புதிதாக நீர் எடுத்து அளக்கப் புறப்பட்டால் இன்னொரு 15. கூட்டிப் பாருங்கள், சரியாக 55. ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூடத் தாங்காத திட்டம் அது.

ஆகவே 2.4 என்று எண் பெறும் குரோமியக் குறிப்பைப் பார்ப்போம்.

மே மாதம் எடுத்த நீரை மொத்தக் குரோமியத்துக்காக நைட்ரிக் அமிலம் சேர்த்து, பிஎச் 2-க்குக் கீழே இறக்கித்தான் வைத்திருப்பீர்கள். மொத்தக் குரோமியத்துக்கு அதுவே சரியான முறை. அப்படி வைத்த நீர் ஆறு மாதம் தாங்கும். ஆனால் அந்தப் புட்டிகளிலிருந்து குரோமியம்-6-ஐ இனி அளக்க முடியாது. அமிலச் சூழலில், அதுவும் தோல் பதனிடும் பகுதி நீரில் கரிமப் பொருளும் இருக்கும்போது, குரோமியம்-6 குரோமியம்-3 ஆக ஒடுங்கிவிடும். இன்று அளந்து பூஜ்யம் வந்தால் கிணற்றில் அது இல்லை என்று பொருளாகாது. புட்டியில் இல்லை என்றுதான் பொருள். இதை நன்றாக அறிந்த மதிப்பாய்வாளர்தான் இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புட்டிகளை அளந்து எண்களை அனுப்பினால் நேரே நிராகரிப்புக்கு வழி செய்துகொள்வீர்கள்.

புதிதாக நீர் எடுக்கலாம். அங்கே பருவம் குறுக்கே நிற்கிறது. மே மாதத்தில் கிணற்று மட்டம் அடியில் இருந்தது. இப்போது வடகிழக்குப் பருவமழை. மழைநீர் இறங்கி நீர்மட்டம் ஏறியிருக்கும், உப்பும் உலோகமும் நீர்த்திருக்கும். சில இடங்களில் நேர்மாறாக, மண்ணில் தேங்கியிருந்தது கழுவப்பட்டு ஏறியும் இருக்கலாம். நவம்பர் எண்ணை மே எண்ணோடு ஒரே அட்டவணையில் போட்டால் அடுத்த சுற்றில் அதுவே புதிய குறிப்பாக வரும்.

அப்படியானால் நவம்பர் நீரால் பயனே இல்லையா? ஒரு பயன் உண்டு. மொத்தக் குரோமியத்தில் எத்தனை பங்கு குரோமியம்-6 என்பதை அது காட்டும். மே மாதத்தில் அதிகம் காட்டிய கிணறுகளில் ஒரு 12-ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு புட்டி எடுங்கள். ஒன்றை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அமிலம் சேர்க்காமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மற்றொன்றையும் அதேபோல் வடித்து, அமிலம் சேருங்கள். முதல் புட்டிக்கு ஆயுள் 24 மணி நேரம். அதை அன்று மாலையே உங்கள் துறையில் டைஃபினைல்கார்பசைடு முறையில், 540 நானோமீட்டரில் அளந்துவிட வேண்டும். எந்த வேதியியல் துறையிலும் அதற்கான நிறமாலைமானி இருக்கும். வெளியே யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு கிணற்று நீரில் தெரிந்த அளவு குரோமியம்-6-ஐச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கரிமப் பொருள் அதைத் தின்றுவிடுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும், மதிப்பாய்வாளரும் இதைத்தான் தேடுவார். இரண்டாம் புட்டி ஆறு மாதம் காத்திருக்கும். ஆனால் அதை அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், கட்டணம் கட்டி வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் கெடுவைக் கடிக்கப்போவது அந்த வரிசைதான். எனவே நீர் எடுக்கப் புறப்படும் முன்பே கருவிக்கு நாள் பதிவு செய்யுங்கள். டிசம்பர் 5-க்குள் முடிவு தர முடியாது என்று அந்த ஆய்வகம் சொன்னால் நீர் எடுக்கவே போகாதீர்கள்.

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர், பேர்ணாம்பட்டு வழியாக 12 கிணறுகள் என்பது காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒரு ஞாயிற்றில் முடியும். நவம்பர் 9 அல்லது 16. மழையால் இரண்டும் போனால் 23 கடைசி. அதையும் தாண்டினால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இப்படி ஒரு வெட்டுத் தேதி இல்லாவிட்டால், "அடுத்த ஞாயிறு போய்விடலாம்" என்று டிசம்பர் வரை இழுக்கும். அந்த நம்பிக்கையில் கட்டுரையின் பாதி எழுதப்படாமலே கிடக்கும்.

இனி, நீர் எடுக்கவே முடியாமல் போனால்? கட்டுரையின் கூற்றைக் குறைக்க வேண்டும். உங்கள் கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் குரோமியம்-6 பற்றி மதிப்பாய்வாளர் இவ்வளவு கறாராகக் கேட்கிறார் என்றால், மொத்தக் குரோமியத்தை அளந்துவிட்டு எங்கோ அதைக் குரோமியம்-6 என்று எழுதியிருக்கிறீர்கள்; பெரும்பாலும் உடல்நல ஆபத்துக் கணக்கில் இருக்கும். குரோமியம்-6-க்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருந்த பழைய பாதுகாப்பான வாய்வழி அளவு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.003 மில்லிகிராம். குரோமியம்-3-க்கு அது 1.5. ஐந்நூறு மடங்கு வித்தியாசம். மொத்தக் குரோமியம் முழுவதையும் குரோமியம்-6 என்று எடுத்துக் கணக்கிட்டால் ஊரே ஆபத்தில் இருப்பதாக வரும். குரோமியம்-3 என்றால் ஒன்றுமே இல்லை என்று வரும். போதாததற்கு 2024-இல் அந்த முகமை குரோமியம்-6 மதிப்பீட்டைத் திருத்தி இன்னும் கீழே இறக்கிவிட்டது. பழைய எண்ணையே வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கூற்றைக் குறைப்பது என்றால் நடைமுறையில் இதுதான்: தலைப்பிலும் சுருக்கத்திலும் "மொத்தக் குரோமியம்" என்று எழுதுங்கள். ஒப்பீட்டை இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 10500 வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமோடு நிறுத்துங்கள். அந்த வரம்பே மொத்தக் குரோமியத்துக்கானதுதான். ஆபத்துக் கணக்கை வைத்துக்கொள்ள விரும்பினால், அதை மிக மோசமான நிலைக்கான மேல் எல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுமொழியில், மே மாதப் புட்டிகள் அமிலமிடப்பட்டவை, ஆகையால் வகை பிரித்து அளக்க இயலாது, கூற்றுகளைப் பின்வரும் இடங்களில் திருத்தியிருக்கிறோம் என்று நேராக எழுதுங்கள். "எதிர்கால ஆய்வில் செய்வோம்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கட்டுரையில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்புபவர்கள் உண்டு. அதை மதிப்பாய்வாளர் ஏற்பதில்லை, பதிப்பாசிரியரும் ஏற்பதில்லை.

என் கருத்தில், கூற்றைக் குறைக்கும் திருத்தத்தை இந்த வாரமே செய்துவிடுங்கள். அதுதான் அடித்தளம். 12 கிணற்று அளவீடு நல்லபடியாக வந்தால் மேலே ஒரு பத்தியும் துணைக் கோப்பில் ஓர் அட்டவணையும் சேரும். வராவிட்டால் கட்டுரை அப்படியே நிற்கும். அளவீடு வந்த பிறகு எழுதலாம் என்று தலைகீழாக வைத்துக்கொண்டால், ஆய்வகத்தின் ஒரு மின்னஞ்சலுக்காக எல்லாமே காத்திருக்கும்.

கணக்குகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிலத்தடி நீர்க் கட்டுரைக்கு அயனிச் சமநிலைப் பிழையைக் காட்டச் சொல்லாத மதிப்பாய்வாளர் அபூர்வம். ஒவ்வோர் அயனியையும் மில்லிச் சமமானமாக மாற்றி, நேர் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்து நூறால் பெருக்குவதுதான். பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள் எதிர்பார்ப்பார்கள். 10 வரை பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு. கணக்கு ஒரு மாலை வேலை. ஆனால் அதன் விளைவு பெரிது. 48-இல் ஆறு கிணறுகள் வரம்பைத் தாண்டினால் அவற்றை நீக்குவதா வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நீக்கினால் பைப்பர் படம், சராசரிகள், தொடர்புக் கெழுக்கள் எல்லாம் மாறும். அவற்றைச் சொல்லும் வாக்கியங்களும் மாறும். இதனால்தான் கணக்குகளை எழுத்துக்கு முன்னால், தேர்வு தொடங்கும் முன் நவம்பர் 16-க்குள், முடிக்கச் சொல்கிறேன். எதிர் அயனிகள் தொடர்ந்து குறைந்து வந்தால் முதலில் பைகார்பனேட்டைச் சந்தேகப்படுங்கள்: கிணற்றடியில் அளக்காமல், ஆய்வகத்தில் சில நாள் கழித்து அளந்திருந்தால் அது இறங்கியிருக்கும். நைட்ரேட்டை அளக்காமல் விட்டிருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும்.

எழுத்துத் திருத்தங்கள் தேர்வு வாரங்களுக்கு ஏற்றவை. ஒரு குறிப்பு, ஒரு பதில், ஒரு திருத்தம் என்று அரை மணித் துண்டுகளாக முடியும். காலைத் தேர்வுக்கும் பிற்பகல் தேர்வுக்கும் இடையிலேகூட ஒன்றை முடிக்கலாம். ஒவ்வொரு பதிலையும் கட்டுரையில் மாற்றம் செய்த அதே அமர்விலேயே எழுதிவிடுங்கள். மாற்றங்களை எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் கடிதம் எழுத உட்கார்ந்தால், எதை ஏன் மாற்றினோம் என்பதே மறந்திருக்கும். இரண்டு மதிப்பாய்வாளர்களும் எதிரெதிராகக் கேட்கும் இடங்களும் வரும். முதலாமவர் முன்னுரையைச் சுருக்கச் சொல்வார். இரண்டாமவர் வெளிநாட்டு வாசகருக்கு இந்தப் பகுதியின் பின்னணி புரியவில்லை என்பார். அப்படி வந்தால், பழைய ஆய்வுகளை அடுக்கும் இரண்டு பத்திகளை வெட்டுங்கள். வேலூர் மாவட்டத் தோல் கழிவுநீர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஒரே வரியில் சேருங்கள். அந்த ஒரு வரி பக்கம் பக்கமான பின்னணியின் வேலையைச் செய்துவிடும். இருவருக்கும் எழுதும் பதிலில் மற்றவரின் குறிப்பு எண்ணைச் சுட்டிக்காட்டுங்கள். பதிப்பாசிரியருக்கு அது பிடிக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு. தேர்வு முடிந்து முகாம் தொடங்கும் முன் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள். அன்று இரண்டு வேலைகள். கட்டுரையையும் மறுமொழிக் கடிதத்தையும், அரைகுறையாக இருந்தாலும், இணை ஆசிரியர்கள் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் முகாமில் இருக்கும் நாட்களில் அவர்கள் வேலை செய்யட்டும். "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்" என்று அனுப்பினால் பதில் வராது. "18-ஆம் தேதிக்குள் 2.4, 2.11 இரண்டையும் மட்டும் பாருங்கள் சார், மற்றவை எனக்குத் தெளிவாக இருக்கின்றன" என்று எழுதினால் வரும். பெரிய பேராசிரியர்களுக்கு 30 பக்கம் அனுப்புவது அவர்களைக் காணாமல் போகச் செய்யும் வழி. இதையே இன்னும் நாலு நாள் முன்னால் அனுப்பிவிடலாமே என்று தோன்றினால், டிசம்பர் முதல் வாரம் கார்த்திகை தீப வாரம் என்பதை நினைவில் வையுங்கள். திருவண்ணாமலைப் பக்கம் இணை ஆசிரியர் யாராவது இருந்தால் அந்த வாரம் அவரிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது வேலை, அவகாசம் தேவையா என்று முடிவெடுத்து அன்றே கேட்பது. டிசம்பர் 20-க்கு மேல் ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் கிறிஸ்துமஸ் விடுப்பில் போய்விடுவார்கள்; ஜனவரி 2-க்கு முன் உங்கள் மின்னஞ்சலை யாரும் திறக்காமலே போகலாம். கெடு முடிந்ததும் சில இதழ்களின் தளத்தில் திருத்தத்தைப் பதிவேற்றும் இணைப்பே மறைந்துவிடும். பிறகு புதிய கட்டுரையாகவே அனுப்ப வேண்டியிருக்கும், புதிய மதிப்பாய்வாளர்கள் வருவார்கள். கேட்கும் கடிதம் ஐந்து வரி போதும். கட்டுரையின் எண், 23 குறிப்புகளில் எத்தனை முடிந்தன, எது மீதம், அது எதனால் தாமதம், எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள். தேதியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தேர்வுப் பணியைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் குரோமிய அளவீட்டுக்கான கருவி முன்பதிவு என்பது வலுவான காரணம்; மதிப்பாய்வாளர் கேட்டதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அது காட்டுகிறது.

எவ்வளவு கேட்பது? ஜனவரி 9 வரை ஒரு வாரம் கேட்டால் ஏப்ரல் கணக்கில் உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் குறையாது. டிசம்பர் 28-க்கு அனுப்பினாலும் ஜனவரி முதல் வாரம் முடியும்வரை அது பெரும்பாலும் யாருடைய வரிசையிலாவது கிடக்கும். பொங்கல் விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ள ஜனவரி 23 வரை கேட்டால் இரண்டு வாரம் உண்மையாகவே போகும். இணை ஆசிரியர்களும் அப்போது சொந்த ஊரில் இருப்பார்கள். மீண்டும் மதிப்பாய்வுக்குப் போகும் கட்டுரை ஒன்றரை, இரண்டு மாதம் எடுத்துக்கொள்வது சாதாரணம். அதன்பின் சிறு திருத்தம் ஒன்று வரும். இதையெல்லாம் சேர்த்தால் ஜனவரி 9-க்கு ஏப்ரல் இறுதி கொஞ்சம் இறுக்கமாக ஒத்துவரும். ஜனவரி 23-க்கு ஒத்துவருவது அதிர்ஷ்டம். விண்ணப்பம் முழுக்க இந்த ஒரு கட்டுரையையே நம்பியிருந்தால், 12 கிணற்று அளவீட்டைக் கைவிட்டு, கூற்றைக் குறைத்து, டிசம்பர் 28-இலேயே அனுப்புவேன். இதை வேறு விதமாகப் பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

ஏ.ஏ.எஸ். அளந்து கொடுத்தவர் தன் பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கச் சொல்லக்கூடும். திருத்தக் கட்டத்தில் பெயர் சேர்க்கப் பெரும்பாலான இதழ்களில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்ட படிவமும் பதிப்பாசிரியரின் ஒப்புதலும் வேண்டும். கட்டணத்துக்கு அளந்து கொடுத்ததற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். இதைக் கருவிக்கு நாள் பதிவு செய்யும்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

மறுமொழிக் கடிதத்தில் மாற்றம் செய்த இடத்தை வரி எண்ணோடு சொல்ல வேண்டும். மாற்றங்கள் வண்ணத்தில் தெரியும் கோப்பிலும் தூய கோப்பிலும் வரி எண்கள் வேறுவேறாக இருக்கும். ஆகவே எல்லா மாற்றமும் முடியும்வரை அந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டு, கடைசி நாளில் தூய கோப்பைப் பார்த்து நிரப்புங்கள். எந்தக் கோப்பின் எண்கள் என்று கடிதத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். மதிப்பாய்வாளர் 214-ஆம் வரிக்குப் போய் அங்கே வேறு ஏதோ இருப்பதைப் பார்த்தால், மற்ற பதில்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

பதிவேற்றம் டிசம்பர் 28. உங்கள் இதழ் Editorial Manager பயன்படுத்துகிறது என்றால், கட்டுரை `Submissions Needing Revision` என்ற பகுதியில் இருக்கும். அதன் பக்கத்திலேயே `Decline to Revise` என்று ஓர் இணைப்பும் இருக்கும். கை தவறி அதை அழுத்திவிட்டால் உடனே இதழ் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், மீட்டுத் தருவார்கள். கோப்புகளை ஏற்றி `Build PDF for Approval` அழுத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. சில நிமிடங்கள் கழித்து, `Submissions Waiting for Author's Approval` என்ற பகுதியில் பிடிஎஃப் வந்து நிற்கும். அதைத் திறந்து பார்த்து `Approve Submission` அழுத்தினால்தான் கட்டுரை இதழுக்குப் போகும். நல்ல கட்டுரைகள் அந்தப் பகுதியிலேயே வாரக்கணக்கில் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். உறுதி மின்னஞ்சல் வரும்வரை கணினியை மூடாதீர்கள்.

அனுப்பிய பிறகு வரும் கெடுக்கள் இதைவிடக் குறுகியவை. சிறு திருத்தத்துக்கு இரண்டு வாரம் தருவார்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் வரும் மெய்ப்புக்குப் பல பதிப்பகங்கள் 48 மணி நேரம்தான் தருகின்றன. அது எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் அடுத்த தேர்வும் திருத்தும் முகாமும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். முகாமில் கைபேசியை வெளியே வைக்கச் சொன்னால் மாலை ஐந்து மணி வரை மின்னஞ்சலைப் பார்க்க முடியாது. இணை ஆசிரியர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: மெய்ப்பு வந்தால் முதல் பார்வை அவருடையது. அட்டவணைகளின் அலகுகள், "குரோமியம்-6" என்ற சொல் எங்காவது மீந்திருக்கிறதா, உங்கள் பெயரின் முன்னெழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது, இந்த மூன்றையும் அவர் பார்க்கட்டும். கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத் தொடர்புக்குக் கொடுத்திருந்தால், இதழின் கடிதங்கள் தேவையற்ற அஞ்சல் பகுதிக்குள் விழுகின்றனவா என்று ஜனவரி முதல் வாரத்திலிருந்தே பார்த்து வாருங்கள்.